"கடைசி பீஸ் மிஸ், இண்டையோட முடியுது": கொழும்பில் முதல் பிரிட்ஜ் வாங்கப் போகிறவர்களுக்கு

போன வருஷம் மார்ச் கடைசியில் திருகோணமலையிலிருந்து வெள்ளவத்தைக்குக் குடிவந்தோம். நான், கணவர், ஆறு வயது மகள். மூன்றாம் மாடி, லிஃப்ட் இல்லாத வீடு. வந்த இரண்டாம் கிழமையே ஒரு பிரிட்ஜ் வாங்கினோம். 150,000 ரூபாவுக்குள் முடிக்கவேண்டும் என்று பேசிக்கொண்டுதான் வீட்டை விட்டு இறங்கினோம். முடிவில் எங்கள் கையை விட்டுப் போனது 209,400 ரூபா.

யாரும் எங்களை மிரட்டவில்லை. விற்பனையாளர் தம்பி மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் அந்த ஒன்றரை மணித்தியாலத்தில் மூன்று விஷயங்கள் எங்கள் மேல் வேலை செய்தன. எதை எடுப்பது என்று தெரியாத அளவுக்குச் சாமான் குவிந்து நின்றால் மூளை களைத்துவிடும்; அது தெரிவுச் சுமை. "இனி இல்லை" என்று சொன்னால் அந்தச் சாமானின் மதிப்பு நம் கண்ணில் ஏறிவிடும், அது தட்டுப்பாடு. கிடைக்கப்போகும் லாபத்தை விட, கையை விட்டுப் போகப்போகும் ஒன்று ஏறக்குறைய இரண்டு மடங்கு வலிக்கும். அது இழப்புப் பயம். மூன்றையும் நேர்மையாகவும் பாவிக்கலாம், ஏமாற்றவும் பாவிக்கலாம். எது எது என்று கடைக்குள் நின்றபடியே எப்படிக் கண்டுபிடிப்பது என்பதைத்தான் கீழே படிப்படியாக எழுதுகிறேன். பிரிட்ஜை வைத்துச் சொன்னாலும் வொஷிங் மெஷின், டிவி, கட்டில், கைபேசி எல்லாவற்றுக்கும் இதே ஒழுங்குதான்.

## 1. வீட்டை விட்டு இறங்க முன் நான்கு எண்களை எழுதுங்கள்

கைபேசியில் வேண்டாம், ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதுங்கள். கடையில் அதைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கவேண்டும்.

முதல் எண், வைக்கப்போகும் இடத்தின் அகலம். சுவரிலிருந்து சுவருக்கு மட்டும் அளந்தால் போதாது. கதவு எந்தப் பக்கம் திறக்கும், திறந்தால் எங்கே முட்டும் என்றும் பாருங்கள். எங்கள் சமையலறையில் 25 அங்குல இடம் இருந்தது. வாங்கிய பிரிட்ஜ் 24 அங்குலம், அளவாக உள்ளே போய்விட்டது. ஆனால் கதவு பக்கச் சுவரில் முட்டி முழுதாகத் திறக்காது. அதனால் கீழே இருக்கும் மரக்கறித் தட்டை நேராக வெளியே இழுக்க முடியாது. ஒவ்வொரு முறையும் அதைத் தூக்கி, சாய்த்து, ஒரு மூலையை முதலில் வெளியே எடுக்கவேண்டும். தக்காளி உருண்டு பின்னால் போய்விடும். படிக்கட்டின் திருப்பத்தையும் அளந்துகொள்ளுங்கள். பெட்டியோடு திரும்பாமல் பாதி மாடியில் நின்றுபோன கதை எங்கள் கீழ்வீட்டுக்காரருக்கு இருக்கிறது.

இரண்டாவது, எத்தனை லீட்டர். மூன்று பேருக்கு, நாளாந்தம் சந்தைக்குப் போகக்கூடிய வீட்டுக்கு, 250 லீட்டர் தாராளம் என்று இப்போது அனுபவத்தில் சொல்கிறேன். நாங்கள் வாங்கியது 340.

மூன்றாவது, உச்சத்தொகை. விலைச்சீட்டில் இருக்கும் விலைக்கு அல்ல, எல்லாம் சேர்த்த மொத்தத்துக்கு. கொண்டுவந்து இறக்கும் கூலி, மாடியேற்றும் கூலி, தவணைக்கு வங்கி எடுக்கும் கட்டணம், கூடுதல் வாரண்டி எல்லாம் அந்த எண்ணுக்குள் அடங்கவேண்டும்.

நான்காவது எண்ணைத்தான் நாங்கள் யோசிக்கவே இல்லை: இந்தச் சாமான் இல்லாமல் எத்தனை நாள் சமாளிக்கலாம்? பால் பைக்கற்றை அன்றன்றைக்கு வாங்கி, மீன் வாங்கிய அன்றே சமைத்துக்கொண்டு எங்களால் பத்து நாள் தாராளமாக இருந்திருக்க முடியும். "பத்து நாள்" என்று காகிதத்தில் இருந்திருந்தால் "இன்றோடு முடியுது" என்ற பேச்சு எங்கள் மேல் ஏறியிருக்காது. அவசரம் எங்களுடையதா, கடையினுடையதா என்று அந்த ஒரு எண் காட்டிக்கொடுக்கும்.

நேரமும் முக்கியம். சம்பளம் வந்த கையோடு வரும் சனி பின்னேரம் போகாதீர்கள். சித்திரைப் புத்தாண்டுக்கு முந்திய கிழமையும் வேண்டாம். மாத நடுவில் ஒரு செவ்வாயோ புதனோ காலையில் போனால் கடையில் ஆட்கள் குறைவு, கேட்கிற கேள்விக்கு நின்று பதில் சொல்வார்கள்.

## 2. கடைக்குள் போனதும் முதலில் கழியுங்கள், அப்புறம் பாருங்கள்

நாங்கள் போன காட்சியறையில் இரண்டு வரிசையாக நாற்பது பிரிட்ஜ் அளவில் நின்றன. இன்வேர்ட்டர் உள்ளது, இல்லாதது, தண்ணீர் வரும் கதவு, கண்ணாடிக் கதவு, ஒவ்வொன்றிலும் நாலைந்து ஸ்டிக்கர். இருபது நிமிஷத்தில் மகள் "வீட்ட போவம்" என்று தொடங்கிவிட்டாள். எனக்கும் கண் கட்டிவிட்டது. அப்போதுதான் அந்தத் தம்பி வந்து, "மிஸ், நான் சொல்றதக் கேளுங்க, இந்த மூண்டையும் மட்டும் பாருங்க" என்றார். எனக்கு உண்மையாகவே ஆறுதலாக இருந்தது. அந்த ஆறுதலில், எந்தக் கணக்கில் அந்த மூன்றைத் தெரிவுசெய்தார் என்று கேட்கத் தோன்றவில்லை. மூன்றும் 180,000க்கு மேல்.

இதைப் பற்றி அடிக்கடி சொல்லப்படும் ஆய்வு ஒன்று இருக்கிறது. கலிபோர்னியாவில் ஒரு பலசரக்குக் கடையில் ஒரு சமயம் 24 வகை ஜாமையும் இன்னொரு சமயம் 6 வகையையும் ருசிபார்க்க வைத்தார்கள். 24 வகை இருந்தபோது கூடுதலான ஆட்கள் நின்று பார்த்தார்கள், ஆனால் நின்றவர்களில் 3 சதவீதம்தான் வாங்கினார்கள். 6 வகை இருந்தபோது 30 சதவீதம் வாங்கினார்கள். 2000 ஆம் ஆண்டு வெளியான முடிவு இது. இதை மட்டும் வைத்துக்கொண்டு "தெரிவு கூடினால் எப்போதும் கெடுதல்" என்று சொல்லிவிட முடியாது. 2010 இல் இப்படியான 50 பரிசோதனைகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோது சராசரி விளைவு ஏறக்குறைய பூச்சியம் என்று வந்தது. சில இடங்களில் சுமை, சில இடங்களில் உதவி. பிறகு 2015 இல் வந்த இன்னொரு தொகுப்பு, சுமை எப்போது வருகிறது என்று பிரித்துக் காட்டியது. தனக்கு என்ன வேண்டும் என்று தெரியாதபோதும், சாமான்களை ஒன்றோடொன்று ஒப்பிடக் கஷ்டமாக இருக்கும்போதும்தான் அது பலமாக அடிக்கிறது. புதிதாகக் குடிவந்து முதல் பிரிட்ஜ் வாங்கப் போகிறவருக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கும். பத்து வருஷமாக ஒரே கடையில் அரிசி வாங்குகிறவருக்கு முன்னால் இருபது வகை அரிசி இருந்தாலும் ஒன்றும் ஆகாது.

அதனால் செய்யவேண்டியது இதுதான். வாசலிலேயே காகிதத்தைக் காட்டி, "25 அங்குலத்துக்குள், கதவு இடப்பக்கம் திறக்க இடம் வேண்டும், 250 லீட்டர் அளவு, எல்லாம் சேர்த்து ஒன்றரை லட்சத்துக்குள், எவையெல்லாம் இருக்கு?" என்று கேளுங்கள். நாற்பது அப்படியே நாலைந்தாகிவிடும். நீங்கள் சொன்ன எண்ணை வைத்து விற்பனையாளர் கழித்தால் அது உதவி. எண்ணைக் கேட்காமலே "இந்த மூன்றைப் பாருங்க" என்றால், "ஏன் இந்த மூன்று? இதைவிட விலை குறைந்தது எது?" என்று கேளுங்கள். நேர்மையானவர் உடனே கையை நீட்டிக் காட்டுவார். பேச்சை மாற்றினால் அந்த மூன்றும் உங்களுக்காகத் தெரிவுசெய்யப்பட்டவை அல்ல.

மிஞ்சிய நாலைந்தின் மாடல் இலக்கத்தைப் படமெடுத்துக்கொண்டு வெளியே வாருங்கள். முதல் நாளில் வாங்கவேண்டாம். அந்த இலக்கத்தை வைத்து இன்னும் இரண்டு கடையில் விலை கேளுங்கள். பெயரைச் சொல்லிக் கேட்டால் கிட்டத்தட்ட அதே மாதிரியான வேறொன்றின் விலையைச் சொல்லிவிடுவார்கள். மாடல் இலக்கம் கடைசி எழுத்து வரை ஒன்றாக இருக்கவேண்டும்.

## 3. "கடைசி பீஸ்" என்றால் எதில் கடைசி என்று கேளுங்கள்

எங்களிடம் சொன்ன வசனம் அப்படியே: "கடைசி பீஸ் மிஸ், பின்னேரம் ஒருத்தர் வந்து பாத்திட்டுப் போயிருக்கார்."

கொழும்பில் இருப்பவர்களுக்கு இந்தப் பேச்சு ஏன் இவ்வளவு ஆழமாக இறங்குகிறது என்று நான் நிறைய யோசித்திருக்கிறேன். 2022 இல் எரிவாயு சிலிண்டருக்கு விடிய முன் போய் வரிசையில் நின்றவர்கள் நாம். பால்மா ஒரு பைக்கற் கிடைத்தால் அதை வீட்டுக்குக் கொண்டுவந்து ஒளித்து வைத்தோம். பெற்றோலுக்குக் கியூஆர் காட்டினோம். அன்றைக்கு "முடியப்போகுது" என்றால் உண்மையாகவே முடிந்தது. கேட்டதும் காசை நீட்டியது புத்திசாலித்தனம். அந்தப் பழக்கம் இன்னும் உடம்பில் இருக்கிறது. ஆனால் இன்றைக்குக் காட்சியறையில் நிற்கும் பிரிட்ஜ் அப்படியான சாமான் இல்லை.

1975 இல் செய்த ஒரு சின்னப் பரிசோதனை இங்கே உதவும். ஒரே பிஸ்கட்டை சிலருக்குப் பத்து இருந்த போத்தலிலிருந்தும் சிலருக்கு இரண்டே இருந்த போத்தலிலிருந்தும் கொடுத்தார்கள். இரண்டிலிருந்து எடுத்தவர்கள் அந்தப் பிஸ்கட்டைக் கூடுதலாக விரும்பினார்கள், கூடிய விலை போகும் என்றும் சொன்னார்கள். ஆனால் ருசி கூட என்று சொல்லவில்லை. தட்டுப்பாடு ஆசையைத்தான் கூட்டுகிறது, சாமானை நல்லதாக்குவதில்லை. பிரிட்ஜும் அப்படித்தான். கடைசி ஒன்று என்பதால் மரக்கறித் தட்டு வெளியே வந்துவிடாது.

ஆகவே மூன்று கேள்வி கேளுங்கள். இந்தக் கடையில் கடைசியா, கம்பனியின் ஸ்டோர்ஸிலும் இல்லையா? இந்த நிறத்தில் மட்டும் கடைசியா? இது காட்சிக்கு வைத்த பீஸா? "இந்த நிறம் மட்டும்தான் முடியுது, வெள்ளை ஸ்டோர்ஸில் இருக்கு, மூன்று நாளில் வரும்" என்று ஒருவர் சொன்னால் அவர் சொல்லும் தட்டுப்பாடு உண்மை, நேர்மையும்கூட.

உண்மையாகவே கடைசி என்றால் ஒன்றைக் கவனியுங்கள். சில வேளை அந்த மாடலைக் கம்பனி நிறுத்திவிட்டது என்று அர்த்தம். அப்போது அவசரப்பட அல்ல, நின்று கேட்கத்தான் காரணம் இருக்கிறது: கதவு ரப்பர், உள்தட்டு, போர்டு எல்லாம் இன்னும் எத்தனை வருஷத்துக்குக் கிடைக்கும்? காட்சிக்கு வைத்ததென்றால், அதைச் செருகி ஓடவிட்டிருந்தார்களா, வாரண்டி எந்தத் திகதியிலிருந்து தொடங்கும்? இதற்குப் பதிலாக விலையைக் குறைத்தால் வாங்கலாம். குறையாமல், கடைசி என்பதற்காகவே கூடுதலாகக் கேட்டால் விட்டுவிடுங்கள்.

இணையத்தில் வாங்குகிறீர்களா? "இன்னும் 2 மட்டும்", "00:14:59" என்று ஓடும் கடிகாரம் இருந்தால் படமெடுத்து வையுங்கள். அதே பக்கத்தை வேறொரு கைபேசியில் திறந்து பாருங்கள். அங்கே கடிகாரம் மறுபடியும் 15 நிமிஷத்திலிருந்து தொடங்கினால் அது பொய்க் கடிகாரம். உண்மையான முடிவு நேரம் எல்லோருக்கும் ஒரே நேரத்தில்தான் முடியும்.

## 4. வெட்டிப்போட்ட விலையையும் இலவசத்தையும் கணக்கிலிருந்து எடுங்கள்

எங்கள் பிரிட்ஜின் விலைச்சீட்டில் 229,900 என்று எழுதி, சிவப்பால் வெட்டி, கீழே 184,900 என்று இருந்தது. மேலே பதாகை: ஏப்ரல் 14 வரை. அந்த நிமிஷத்தில் என் மனதில் ஓடிய கணக்கு "184,900 செலவு" அல்ல. "நாளைக்கு வந்தால் 45,000 நட்டம்" என்பதுதான். கையில் இல்லாத 45,000ஐ இழக்கப் பயந்து, கையில் இருந்த காசில் 35,000 கூடுதலாகக் கொடுக்கத் துணிந்தேன். இழப்புப் பயம் இப்படித்தான் வேலை செய்கிறது: நாம் எதை ஆரம்பப் புள்ளியாக வைத்துப் பார்க்கிறோமோ அதிலிருந்து கீழே இறங்குவதுதான் வலிக்கும். அந்தப் புள்ளியை விலைச்சீட்டு வைத்துக் கொடுத்துவிடுகிறது.

அப்புறம் இலவசங்கள். ரைஸ் குக்கரும் பிளெண்டரும், "22,000 ரூபா பெறுமதி". நான் இன்னும் யோசிக்கிறேன் என்று சொன்னதும் அந்தத் தம்பி ரைஸ் குக்கர் பெட்டியைத் தட்டிலிருந்து எடுத்து என் மகளின் கையில் கொடுத்தார். அவள் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். அந்த நேரத்திலிருந்து அது எங்களுடையது. வேண்டாம் என்றால் பிள்ளையின் கையிலிருந்து பிடுங்கவேண்டும். பல்கலைக்கழக மாணவர்களுக்குக் கோப்பை கொடுத்துச் செய்த பரிசோதனைகளில், கோப்பை கையில் இருந்தவர்கள் அதை விற்கக் கேட்ட விலை, இல்லாதவர்கள் வாங்கத் தயாராக இருந்த விலையைப்போல இரண்டு மடங்கு அளவில் இருந்தது. ஒரு சில நிமிஷம்தான் அது அவர்கள் கையில் இருந்தது.

கணக்கை இப்படி மாற்றிப் போடுங்கள். வெட்டிய விலையை விரலால் மறைத்துவிட்டு, "இது 184,900க்கு விற்கும் சாமான், இதை நான் வாங்குவேனா?" என்று கேளுங்கள். இலவசத்துக்குக் கடை சொல்லும் பெறுமதியை எடுக்காதீர்கள். அந்தப் பொருளை நீங்களே காசு கொடுத்து வாங்கப் போயிருந்தால் எவ்வளவு கொடுத்திருப்பீர்களோ அதை மட்டும் கழியுங்கள். எங்களிடம் ஏற்கனவே ரைஸ் குக்கர் இருந்தது. பெறுமதி பூச்சியம்.

வாங்கி இரண்டு கிழமை கழித்து அதே கடையைக் கடந்து போனேன். பதாகையில் 14 என்ற இடத்தில் ஒரு வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டி 30 என்று எழுதியிருந்தார்கள். வெயிலில் கீழே இருந்த 14 நன்றாகவே தெரிந்தது. மே மாதத்திலும் விலைச்சீட்டு அதே 184,900தான். அதே மாடல் இலக்கத்தை வேறொரு கடையில் கேட்டேன், பதாகையும் இல்லை, இலவசமும் இல்லை, 182,500 என்றார்கள். 229,900 என்பது யாரும் கொடுத்த விலையே அல்ல.

இங்கேதான் கோடு. ஏப்ரல் 14 வரை கழிவு கொடுத்து, 15 ஆம் திகதி விலையை ஏற்றினால் அது நேர்மையான கழிவு. அதைக் கண்டு நீங்கள் அவசரப்பட்டாலும் கடைக்காரர் பொய் சொல்லவில்லை. புறக்கோட்டையில் ஒரு விலை சொல்லி, பேரம் பேசி இறக்குவதும் வேறு விஷயம்; அந்த முதல் விலை பேசுவதற்குத்தான் என்று இரண்டு பக்கத்துக்கும் தெரியும். ஆனால் ஒரு நாளும் விற்காத விலையை அச்சடித்து வெட்டிப்போடுவது, வாங்குகிறவரின் ஆரம்பப் புள்ளியைப் பொய்யால் நகர்த்துவது. அதை வியாபார சாமர்த்தியம் என்று நான் ஒத்துக்கொள்ளமாட்டேன்.

## 5. முற்பணம் கொடுக்க முன் எழுத்தில் வாங்குங்கள்

"ஒரு அய்யாயிரம் வச்சிட்டுப் போங்க, நான் வச்சிருக்கிறன்." கொடுத்துவிட்டால் அந்த 5,000ஐ இழக்க மனம் வராமல், வேறு கடையில் 10,000 குறைவாகக் கிடைத்தாலும் இங்கேயே திரும்பி வருவோம். திருப்பித் தருவார்களா, எத்தனை நாளுக்குள் கேட்கவேண்டும் என்று ரசீதிலேயே எழுதச் சொல்லுங்கள். எழுதமாட்டேன் என்றால் கொடுக்காதீர்கள்.

## 6. கூடுதல் வாரண்டியை வீட்டுக்குக் கொண்டுபோய் வாசியுங்கள்

காசு கட்டும் மேசையில், களைத்துப்போய் நிற்கும்போது இதைக் கேட்பார்கள். "மூண்டாம் வருஷம் கொம்பிரஸர் போனா என்ன செய்வீங்க மிஸ்?" இழப்புப் பயத்தை நேராகத் தொடும் கேள்வி. நான் 14,500 கொடுத்தேன்.

வீட்டில் இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்து வாசித்தபோதுதான் தெரிந்தது. கொம்பிரஸருக்குக் கம்பனியே பத்து வருஷ வாரண்டி கொடுத்திருந்தது. எதைக் காட்டிப் பயப்படுத்தினார்களோ அது ஏற்கனவே காப்பில் இருந்தது. கூடுதல் வாரண்டி காப்பாற்றியது மூன்றாம் வருஷத்திலிருந்து ஐந்தாம் வருஷம் வரை விசிறி மோட்டார், தெர்மோஸ்டற், போர்டு, கூலி. கதவு ரப்பர், பல்ப், பிளாஸ்டிக் தட்டு இல்லை. மின்னழுத்தம் ஏறி இறங்கி வரும் சேதமும் இல்லை, எங்கள் ஒழுங்கையில் அதுதான் முதலில் வரும். பக்கத்து ஒழுங்கையில் பிரிட்ஜ் திருத்தும் பாஸைக் கேட்டேன். விசிறி மோட்டார் மாற்ற கூலியோடு 9,000 அளவில் என்றார். அதாவது அந்த மூன்று வருஷத்துக்குள் ஒரு தடவை விசிறி போனாலும் எனக்கு லாபமில்லை. போர்டு போனால்தான் கணக்கு சரிவரும்.

எல்லாக் கூடுதல் வாரண்டியும் வீண் என்று சொல்லவில்லை. வாங்க முன் கேட்கவேண்டியது: எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதி வரை, எந்தப் பாகம், கூலி சேருமா, எவையெல்லாம் சேராது. பிறகு வாங்கலாமா என்றும் கேளுங்கள். பெரும்பாலும் ஓரிரு கிழமைக்குள் சேர்த்துக்கொள்ள இடம் கொடுப்பார்கள். எங்கள் கடையிலும் கொடுத்திருப்பார்கள் என்று பிறகு தெரிந்தது.

கடனட்டைத் தவணையும் இதே மேசையில்தான். "வட்டி இல்லை" என்பது உண்மையாக இருக்கலாம், ஆனால் வங்கி எடுக்கும் கையாளும் கட்டணத்தைக் கேளுங்கள். எங்களுக்கு 5,500. எங்கள் முழுக் கணக்கு இதோ: பிரிட்ஜ் 184,900, கூடுதல் வாரண்டி 14,500, கொண்டுவர 3,000, மாடியேற்ற 1,500, வங்கிக்கு 5,500. மொத்தம் 209,400. எங்களுக்குப் போதுமாக இருந்த 250 லீட்டர் பிரிட்ஜ் அதே கடையின் பின்வரிசையில் 142,000க்கு நின்றது. கைக்காசு கொடுத்து, இரண்டு கூலியும் சேர்த்து 146,500. இடைவெளி 62,900 ரூபா. மகளின் பாடசாலை வான் காசு ஏழு மாதத்துக்குப் போயிருக்கும்.

## 7. பில்லையும் திகதியையும் விட்டுவிடாதீர்கள்

பில்லில் மாடல் இலக்கம், தொடர் இலக்கம், திகதி, கட்டிய தொகை நான்கும் இருக்கவேண்டும். வாரண்டி அட்டையில் கடை முத்திரையும் திகதியும் விழுந்திருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். இலவசப் பொருள்களையும் கொண்டுவரும் நாளையும் பில்லிலேயே எழுதுவியுங்கள். விலைச்சீட்டையும் பதாகையையும் வாங்குகிற அன்றே படமெடுங்கள். நான் எடுக்கவில்லை, ஸ்டிக்கர் ஒட்டிய பிறகு எடுத்த படம்தான் என்னிடம் இருந்தது.

ஏமாற்றப்பட்டதாகத் தெரிந்தால் முதலில் கடைக்குக் கடிதமோ மின்னஞ்சலோ அனுப்புங்கள், வாய்ப்பேச்சு மட்டும் வேண்டாம். சரிவராவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்குப் போகலாம். 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து எப்படி முறைப்பாடு செய்வது என்று கேட்கலாம். அந்த அதிகாரசபைக்கான 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின் 30 ஆம் பிரிவு, வாங்குகிறவரைத் தவறாக வழிநடத்தும் நடத்தையைத் தடைசெய்கிறது. 31 ஆம் பிரிவு பொய்யான விவரம் சொல்லி விற்பதைப் பற்றியது. ஒன்றை மறக்கவேண்டாம்: தரம், வாரண்டி பற்றிய முறைப்பாட்டை விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்கவேண்டும். எங்கள் கதையை ஒரு நண்பியிடம் சொல்லி அவர் இந்த விவரத்தைச் சொன்னபோது ஆகஸ்ட் மாதம் ஆகிவிட்டது. ஏப்ரலில் வாங்கியது. திகதியை வாங்கிய அன்றே கலண்டரில் குறித்துவையுங்கள்.

## 8. நீங்களே விற்கத் தொடங்கினால்

இதை எழுதக் காரணம் என் மாமாவும்தான். அவர் வெள்ளவத்தையில் சின்னச் சேலைக்கடை வைத்திருக்கிறார். தீபாவளிக்கு முன் என்னைக் கூப்பிட்டு, "பிள்ளை, கடைசிச் சேலைகள் எண்டு ஒரு போர்ட் எழுதித் தா" என்றார். எத்தனை இருக்கு என்று கேட்டேன். வாசலில் பன்னிரண்டு, மேலே பரணில் இன்னும் முப்பது அதே டிசைன். அப்படியென்றால் "கடைசி" என்று எழுதமாட்டேன் என்றேன். கொஞ்சம் கோபித்தார்.

பிறகு இருவரும் உட்கார்ந்து யோசித்தோம். அந்த டிசைனைத் தவிர, ஒரு கைத்தறி ரகத்தில் உண்மையாகவே ஒன்பதுதான் இருந்தது, நெய்பவரிடமிருந்து தைக்குப் பிறகுதான் அடுத்தது வரும். அதற்குச் சோக்கால் எழுதினோம்: "கைத்தறி, 9 சேலை. அடுத்தது தை மாதத்துக்குப் பிறகு." ஒன்று விற்றால் எண்ணை அழித்து எட்டு என்று எழுதவேண்டும். இதுவும் தட்டுப்பாட்டைச் சொல்லித்தான் விற்கிறது, வாங்குகிறவருக்கு அவசரம் வரும்தான். ஆனால் அவர் நாளைக்கு வந்து பார்த்தாலும் பலகை உண்மையே சொல்லும்.

நாற்பது டிசைனையும் ஒரேயடியாக விரித்துக் குவிப்பதையும் நிறுத்தினார். எந்த விசேஷத்துக்கு, எவ்வளவுக்குள், எந்த நிறம் வேண்டாம் என்று முதலில் கேட்டு, ஆறு சேலை விரிக்கிறார். "இன்னும் இருக்கு, வேணுமெண்டா எடுக்கிறன்" என்று தானாகவே சொல்லவேண்டும் என்பது எங்கள் ஒப்பந்தம். அதைச் சொல்லாமல் விலை கூடின ஆறை மட்டும் விரித்தால், அந்தக் காட்சியறைத் தம்பி எனக்குச் செய்ததும் இதுவும் ஒன்றுதான்.

ஒரு விஷயத்தில் இன்னும் எங்களுக்குள் இழுபறி இருக்கிறது. சேலையை வாங்குகிறவரின் தோளில் போட்டுக் கண்ணாடி முன் நிற்கவைப்பது. ரைஸ் குக்கரை என் மகள் கையில் கொடுத்த அதே வேலைதான் இது, தோளில் விழுந்த சேலையைத் திருப்பிக் கொடுக்க மனம் வராது என்று நான் சொல்கிறேன். சேலையைப் போட்டுப் பார்க்காமல் எப்படி வாங்குவது என்று மாமா கேட்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நிறம் முகத்துக்குப் பொருந்துகிறதா என்று அப்படித்தான் தெரியும். இப்போதைக்கு, கேட்ட பிறகுதான் தோளில் போடுவது, ஒன்றை மட்டும் அல்ல இரண்டு மூன்றை மாறி மாறிப் போட்டுக் காட்டுவது, வேண்டாமென்றால் முகம் சுளிக்காமல் மடிப்பது என்று வைத்திருக்கிறோம்.

கைத்தறிப் பலகையில் எண் நான்குக்கு வந்தபோது, ஒரு அம்மா காலையில் பார்த்துவிட்டு, மகளைக் கேட்டுவருகிறேன் என்று போனார். பின்னேரம் மகளோடு வந்தார். பலகையில் மூன்று என்று இருந்தது. அந்த மூன்றையும் எண்ணிப் பார்த்துவிட்டு, ஒன்றை எடுத்துக்கொண்டு, பில்லைக் கேட்டு வாங்கிப் போனார்.